மூன்று பவர் பேங்கும் “65 வாட்”: விவரப் பத்திகளை ஒப்பீட்டு அட்டவணையாக மாற்ற எந்த வழி?

பொருள்களின் விவரம் பத்தி பத்தியாக எழுதிக் கிடக்கிறது. ஒவ்வொரு விற்பனையாளரும் தனக்குத் தோன்றிய வரிசையில், தனக்குப் பிடித்த அலகில் எழுதியிருக்கிறார். வாங்க வருபவரோ நான்கு பொருளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கண்ணை ஒருமுறை ஓட்டிவிட்டு முடிவெடுக்க நினைக்கிறார். இந்த வேலை தலையில் விழுந்தவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: ஆள் உட்கார்ந்து படித்து நிரப்புவதா, நிரல் எழுதி எண்களைப் பிரித்தெடுப்பதா, இல்லை விற்பவரிடமே படிவம் கொடுத்து நிரப்பித் தரச் சொல்வதா?

எது வேகம், எது மலிவு என்றுதான் முதலில் பார்ப்பார்கள். நானும் அப்படித்தான் பார்த்தேன். சில அட்டவணைகளைச் செய்து, சிலவற்றைத் திரும்பக் கலைத்த பிறகு எனக்குப் பட்டது வேறு. மூன்று வழியிலும் தப்பு வரும். ஆனால் வருகிற விதம் வேறு. கை ஒரு மாதிரி தவறும், நிரல் ஒரு மாதிரி தவறும், விற்பவர் ஒரு மாதிரி தவறுவார். எந்த விதத் தவற்றை உங்களால் கண்டுபிடிக்க முடியும் என்பதை வைத்துத் தேர்ந்தெடுப்பதுதான் சரியாக வரும்.

பொதுவாகப் பேசினால் பிடிபடாது. ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம்: பவர் பேங்க். அட்டவணையில் வரும் வரிசை கொஞ்சம்தான், ஆனால் ஒவ்வொன்றிலும் பள்ளம் இருக்கிறது.

## கையில் இருக்கும் மூன்று பத்திகள்

இவை நான் உதாரணத்துக்காக எழுதியவை. ஆனால் உண்மையில் வரும் பத்திகளின் ஜாடை அப்படியே இருக்கும்.

```
அ: 20000mAh பவர் பேங்க். 65W வேகச் சார்ஜ், லேப்டாப்புக்கும் ஏற்றது.
   5000mAh போனை 2.6 முறை ஏற்றும். 2 டைப்-C, 1 டைப்-A. எடை 430g.

ஆ: கொள்ளளவு 74Wh (ரேட்டட் 12000mAh, 5V). மொத்த வெளியீடு 65W:
   C1 அதிகபட்சம் 45W, A 20W. எடை சுமார் 0.41 கிலோ.

இ: 20,000 mAh / 3.85V. C1+C2 = 45W+20W, C1 தனியாக 65W.
   உடன் 240W கேபிள். எடை 15.2 oz (கேபிள் இல்லாமல்).
```

மேலோட்டமாகப் படித்தால் மூன்றும் 65 வாட். கொள்ளளவில் இரண்டு 20,000, ஒன்று 12,000. ஆகவே ‘ஆ’ சின்னது என்று தோன்றும். இரண்டுமே தவறான முடிவு.

கொள்ளளவை முதலில் பார்ப்போம். எம்ஏஎச் என்பது மின்னழுத்தத்தோடு சேர்த்துச் சொன்னால்தான் பொருள்படும். பவர் பேங்கின் உள்ளே இருக்கும் செல் பெரும்பாலும் 3.6 முதல் 3.85 வோல்ட் வரை பெயரளவு மின்னழுத்தம் கொண்டது. பெட்டியில் பெரிய எழுத்தில் வரும் 20,000 அந்தச் செல்லின் கணக்கு. 3.7 வோல்ட் என்று வைத்தால் 20,000 × 3.7 ÷ 1000, அதாவது 74 வாட்-மணி. ‘ஆ’ சொல்லும் 12,000 வேறு கணக்கு: 5 வோல்ட்டில் வெளியே வந்து சேருவது எவ்வளவு என்பது. அதைப் பெருக்கினால் 60 வாட்-மணி. 74 உள்ளே இருந்து 60 வெளியே வருகிறது, மீதி மாற்றும்போது வெப்பமாகப் போகிறது, நியாயமான கணக்குதான். ஆக ‘அ’வும் ‘ஆ’வும் கொள்ளளவில் ஒன்றே. ‘ஆ’ கொஞ்சம் நேர்மையாக எழுதியிருக்கிறது, அவ்வளவுதான். அட்டவணையில் எம்ஏஎச் என்று வரிசை வைத்தால் அந்த நேர்மைக்குத் தண்டனை கிடைக்கும்.

அதனால் வரிசையின் அலகு வாட்-மணி. விமானத்தில் கொண்டுபோகும் வரம்பும் அதிலேயே சொல்லப்படுகிறது: 100 வாட்-மணி வரை கைப்பையில் வைக்கலாம், 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். வாங்குபவர் உண்மையில் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லும் அலகு எதுவோ அதுதான் வரிசைக்கு உரியது.

அப்புறம் அந்த 65. ‘இ’யில் ஒரே போர்ட்டில் 65 வாட் கிடைக்கும். ‘ஆ’வில் 65 என்பது இரண்டு போர்ட்டும் சேர்ந்த கூட்டுத்தொகை, லேப்டாப்பைச் செருகினால் 45தான். ‘அ’வில் 65 எதைக் குறிக்கிறது என்று எங்கேயும் சொல்லவில்லை. 65 வாட் கேட்கும் லேப்டாப் வைத்திருப்பவருக்கு இந்த மூன்றில் நிச்சயமாக உதவுவது ஒன்றே ஒன்று. நான் முதன்முதலில் செய்த அட்டவணையில் “அதிகபட்ச வெளியீடு” என்று ஒரே வரிசை வைத்திருந்தேன். மூன்றுக்கும் 65 என்றே போட்டிருப்பேன். அந்த அட்டவணையைப் பார்த்து வாங்கிய ஒருவர், லேப்டாப் செருகியிருக்கும்போதே சார்ஜ் இறங்குகிறது என்று எழுதினார். எண்ணில் பிழை இல்லை. வரிசையின் பெயரில் பிழை.

கடைசியில் வர வேண்டிய அட்டவணை இது:

| | அ | ஆ | இ |
|---|---|---|---|
| செல் கொள்ளளவு (வாட்-மணி) | 74 * | 74 | 77 |
| ஒரே போர்ட்டில் அதிகபட்சம் (வாட்) | சொல்லவில்லை | 45 | 65 |
| எல்லா போர்ட்டும் சேர்ந்து (வாட்) | சொல்லவில்லை | 65 | 65 |
| எடை, கேபிள் இல்லாமல் (கிராம்) | 430 † | 410 † | 430 |

\* 3.7 வோல்ட் என்று எடுத்துக்கொண்டு கணக்கிட்டது. † கேபிளோடா இல்லாமலா என்று குறிப்பிடவில்லை.

‘இ’யின் எடை 15.2 அவுன்ஸ், 28.35ஆல் பெருக்கினால் 430.92. அதை 431 என்று போடாமல் 430 என்று போட்டதற்குக் காரணம் உண்டு. ‘ஆ’ “சுமார்” என்று எழுதியிருக்கும்போது பக்கத்துக் கட்டத்தில் ஒரு கிராம் துல்லியம் காட்டினால், இல்லாத வித்தியாசத்தை வாங்குபவர் படிப்பார்.

## எதை வைத்து எடை போடுவது

நான்கு கேள்விகள் போதும் என்று நினைக்கிறேன்.

தப்பு வந்தால் தெரியுமா? இதுதான் முதல் கேள்வி. காலியாக இருக்கும் கட்டம் பார்ப்பவரைக் கேள்வி கேட்க வைக்கும். தவறான எண் அப்படிச் செய்யாது. சரியான எண்ணைப் போலவே உட்கார்ந்திருக்கும்.

ஒரு கட்டத்திலிருந்து மூல வாக்கியத்துக்குத் திரும்பிப் போக முடியுமா? 45 எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால் அரை நிமிடத்தில் காட்ட முடிய வேண்டும்.

மூலப் பத்தி எவ்வளவு அடிக்கடி மாறுகிறது? ஒருமுறை செய்து முடிக்கும் அட்டவணை வேறு, மாதாமாதம் பத்தி மாறும் அட்டவணை வேறு.

நான்காவது, முதல் 50 பொருளுக்கு ஆகும் உழைப்பும் அடுத்த 500க்கு ஆகும் உழைப்பும் எப்படி மாறுகின்றன என்பது. எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். நான் கடைசியில் வைத்திருக்கிறேன்.

## கையால் நிரப்புதல்

ஒரு ஆள் பத்தியைப் படிக்கிறார், எக்செல் ஷீட்டில் நிரப்புகிறார். மற்ற இரண்டு வழிக்கும் இல்லாத பெரிய பலம் இதற்கு உண்டு: படிப்பவர் புரிந்துகொள்கிறார். “5000mAh போனை 2.6 முறை ஏற்றும்” என்பதில் உள்ள 5000 போனுடையது என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். 240 வாட் கேபிளுடையது என்பதும் அப்படியே.

செலவு நேரடியானது. பன்னிரண்டு வரிசை கொண்ட அட்டவணைக்கு, அலகு மாற்றுவதையும் சேர்த்து, எனக்கு ஒரு பொருளுக்கு எட்டு நிமிடம் ஆகிறது. 200 பொருள் என்றால் 1,600 நிமிடம், ஏறத்தாழ 27 மணி நேரம். ஒரு வார வேலை என்று சொல்லிவிடலாம், ஆனால் ஒரே வாரத்தில் ஒரே ஆள் செய்யக் கூடாது. மூன்றாவது மணி நேரத்துக்குப் பிறகு கண் மேல் வரிசையில் உள்ளதையே கீழேயும் படிக்க ஆரம்பித்துவிடும்.

மறைந்த செலவு இரண்டு. முதலாவது, எக்செல். போர்ட் எண்ணிக்கையை “2-1” என்று தட்டினால் அது தேதியாக மாறி உட்கார்ந்துகொள்ளும். “20.000” என்று ஆயிரத்துக்குப் புள்ளி வைத்து எழுதும் நாட்டிலிருந்து வந்த பத்தியை ஒட்டினால் இருபது ஆகிவிடும். நிரப்பத் தொடங்கும் முன்பே எல்லாக் கட்டத்தையும் எழுத்து வடிவம் என்று மாற்றி வைப்பதும், ‘2 சி, 1 ஏ’ போன்றவற்றை இரண்டு தனி வரிசையாகப் பிரிப்பதும் இதற்கு மருந்து.

இரண்டாவது செலவு, இரண்டு பேர் நிரப்பும்போது வருவது. ஒருவர் “ஆம்” என்பார், மற்றவர் “உண்டு” என்பார். அதைத் தேடி மாற்றிவிடலாம். ஒருவர் எடையைக் கேபிளோடு எடுத்திருப்பார், மற்றவர் கேபிள் இல்லாமல் எடுத்திருப்பார்; அதைத் தேடவே முடியாது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை இருக்கிறது, நான் தவறாமல் செய்வது. 20 பொருளை இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கொடுத்து நிரப்பச் சொல்லுங்கள். பன்னிரண்டு வரிசை என்றால் 240 கட்டங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து எங்கே ஒத்துப்போகவில்லை என்று குறித்துக்கொண்டே போங்கள். வேறுபாடு அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறி இருந்தால் கவனக்குறைவு. ஒரே வரிசையில் குவிந்திருந்தால் ஆள்மேல் தப்பில்லை. வரிசைக்கு நீங்கள் கொடுத்த விளக்கம் போதவில்லை. “அதிகபட்ச வெளியீடு” வரிசை இந்தச் சோதனையில் நிற்கவே நிற்காது. அதை இரண்டாக உடைக்க வேண்டும் என்று எனக்கு முதலிலேயே தெரிந்திருக்கும், அந்த முதல் அட்டவணைக்கு இதைச் செய்திருந்தால்.

கைவழிக்கு ஏற்ற சூழல்: பொருள் 100க்குள், பத்திகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நடையில் இருக்கின்றன, பத்தி அடிக்கடி மாறாது. நிரப்பும்போதே மூல வாக்கியத்தைப் பக்கத்துக் கட்டத்தில் ஒட்டிவைக்கும் பழக்கமும் வேண்டும். பின்னால் சேர்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டவர்கள் யாரும் சேர்த்து நான் பார்த்ததில்லை.

## நிரல் எழுதிப் பிரித்தல்

பத்தியில் “எண், அதன் பின் W” என்று வரும் இடங்களை ரெஜெக்ஸ் என்ற தேடல் குறிமுறை கொண்டு பொறுக்குவது. ஐந்து நிமிடத்தில் எழுதி, ஒரு நொடியில் 5,000 பத்தியில் ஓட்டிவிடலாம். இந்தக் கவர்ச்சிதான் ஆபத்து. மேலே உள்ள மூன்று பத்தியிலும் இதை ஓட்டிப் பார்ப்போம்:

```
(\d+(?:[.,]\d+)*)\s*W(?!h)
```

கடைசியில் உள்ள `(?!h)` என்பது 74Wh போன்றவற்றை வாட் என்று எடுத்துவிடாமல் தடுக்க. ‘அ’வில் 65 கிடைக்கிறது. ‘ஆ’வில் 65, 45, 20. ‘இ’யில் 45, 20, 65, 240. இப்போது ஒரு கட்டத்தில் ஒரு எண்தான் போட முடியும். முதலில் வருவதை எடுத்தால் ‘ஆ’வுக்கு 65, ‘இ’க்கு 45. அதாவது ஒரே போர்ட்டில் கிடைக்கும் உண்மையான வாட் இரண்டுக்கும் இடையில் அப்படியே இடம் மாறிவிட்டது. லேப்டாப்புக்காகத் தேடுபவரை நேராகத் தவறான பொருளிடம் அனுப்பும் அட்டவணை. சரி, மிகப் பெரியதை எடுக்கலாம் என்றால் ‘இ’க்கு 240 வருகிறது. கேபிள் வந்து பவர் பேங்க் இடத்தில் உட்கார்ந்துவிட்டது.

கை தவறினால் ஒரு கட்டம் போகும். நிரல் தவறினால் அதே மாதிரி எழுதிய எல்லாப் பொருளிலும் ஒரே மாதிரி தவறும், அதுவும் பார்ப்பதற்கு ஒழுங்காக இருக்கும். ஆனால் இதில் ஒரு நன்மையும் ஒளிந்திருக்கிறது. ஒருமுறை காரணத்தைக் கண்டுபிடித்துத் திருத்தினால் எல்லா இடத்திலும் திருந்திவிடும்.

திருத்தும் வழி, எண்ணைத் தேடுவதை விட்டுவிட்டு, எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் சொல்லைத் தேடுவது. பத்தியைச் சின்னத் துண்டுகளாக உடைத்து, வேண்டிய அடையாளச் சொல் இருக்கும் துண்டில் மட்டும் எண்ணை எடுக்க வேண்டும்.

```python
import re, unicodedata

WATT = re.compile(r'(\d+(?:[.,]\d+)*)\s*W(?!h)')
LABELS = ('தனியாக', 'C1 அதிகபட்சம்')

def single_port(text):
    text = unicodedata.normalize('NFC', text)
    hits = []
    for part in re.split(r'[;:,.]\s', text):
        if any(k in part for k in LABELS):
            hits += WATT.findall(part)
    return hits[0] if len(hits) == 1 else None
```

இதை ஓட்டினால் ‘ஆ’வுக்கு 45, ‘இ’க்கு 65, ‘அ’வுக்கு ஒன்றுமில்லை. மூன்றும் சரி. நிரலின் கடைசி வரிதான் இதில் முக்கியமானது: ஒரே ஒரு எண் சிக்கினால் எடு, எதுவும் சிக்காவிட்டாலும் ஒன்றுக்கு மேல் சிக்கினாலும் காலியாக விடு. அந்தக் காலிகளை ஒரு மனிதர் பார்ப்பார். எத்தனை கட்டத்தை நிரப்பியது என்று நிரலை மதிப்பிட ஆரம்பித்தால், அந்த வரியைத் தளர்த்தத் தோன்றிக்கொண்டே இருக்கும். தளர்த்தாதீர்கள்.

தமிழில் எழுதிய பத்தி என்றால் இன்னொரு சங்கடம் சேரும். “மொத்த” என்ற சொல்லில் உள்ள ஒகர உயிர்மெய்க் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ெ, ா என்று இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. நிரலுக்கு வேறு வேறு. ஒரு விற்பனையாளரின் பொருள்கள் மட்டும் வரிசையாகக் காலியாக வந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். மேலே உள்ள `normalize` வரி அதற்காகத்தான். தேடும் சொற்களையும் அதே வடிவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மறைந்த செலவு பராமரிப்பு. நாளைக்கு வேறொருவர் “சிங்கிள் போர்ட் 65W” என்று எழுதுவார். பட்டியலில் அந்தச் சொல்லைச் சேர்க்க வேண்டும். முதல் வாரம் இது தினமும் நடக்கும், அப்புறம் மெல்லக் குறையும். ஒவ்வொரு சொல் சேர்க்கும்போதும் ஏற்கெனவே சரியாக வந்த பொருள்களில் ஏதாவது மாறிவிட்டதா என்று பார்க்க, கையால் நிரப்பிச் சரிபார்த்த 20 பொருள் தேவை. அதாவது நிரல் வழிக்குப் போனாலும் கைவழியைக் கொஞ்சம் செய்துதான் ஆக வேண்டும்.

எண் நியாயமானதா என்று பார்க்கும் காவலும் வைக்கலாம். பவர் பேங்குக்கு எனக்குப் பிடித்த காவல், வாட்-மணியை எடையால் வகுப்பது. ‘அ’வுக்கு 74 ÷ 0.43, கிலோவுக்கு 172. வெறும் லித்தியம்-அயன் செல்லே கிலோவுக்கு 250 பக்கம்தான் நிற்கும். செல்லோடு உறையும் சர்க்யூட்டும் சேர்ந்த முழுப் பொருள் அதற்குக் கீழேதான் இருக்க வேண்டும். 300 என்று வந்தால் எங்கேயோ தவறு. நிரல் கேபிளின் எடையை எடுத்திருக்கலாம், எடையில் ஓர் இலக்கம் விழுந்திருக்கலாம், விற்பவர் கொள்ளளவைக் கூட்டிச் சொல்லியிருக்கலாம். எதுவானாலும் அந்தக் கட்டத்தை யாராவது பார்க்க வேண்டும்.

நிரல் வழிக்கு ஏற்ற சூழல்: பொருள் நூற்றுக்கணக்கில், ஆனால் எழுதிய கைகள் சில. ஒரே விற்பனையாளர் 80 பொருளை ஒரே அச்சில் எழுதியிருந்தால் இதைவிட நல்ல வழி இல்லை. 80 பொருளை 80 பேர் எழுதியிருந்தால் வேண்டாம்.

## விற்பவரிடம் படிவம் கொடுத்தல்

பத்தியைப் பிரிக்கும் தொல்லையே வேண்டாம், ஆரம்பத்திலேயே கட்டம் கட்டமாக வாங்கிவிடலாம் என்பது இந்த வழி. கேட்க எளிது. உண்மையில் இதுதான் அதிகப் பொறுமை கேட்பது.

படிவத்தில் “அதிகபட்ச வெளியீடு?” என்று கேட்டால் மூன்று பேரும் 65 என்று நிரப்புவார்கள், மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. கேள்விக்கு எத்தனை அர்த்தம் எடுக்க முடியுமோ, அதில் தன் பொருளுக்குச் சாதகமானதை எடுத்துக்கொண்டார்கள். “ஒரு டைப்-சி போர்ட்டில் மட்டும் கேபிள் செருகி, மற்றவை காலியாக இருக்கும்போது அந்தப் போர்ட் தரும் அதிகபட்ச வாட்” என்று கேட்டால் ‘ஆ’வின் விற்பனையாளர் 45 என்றுதான் எழுத முடியும். கேள்வி நீளமாக, அசிங்கமாக இருக்கிறது என்று சுருக்கத் தோன்றும். அட்டவணையில் வரிசைத் தலைப்பைச் சுருக்கிக்கொள்ளுங்கள், படிவத்தில் வேண்டாம். எடைக்கும் அப்படியே: கேபிள், பெட்டி, பை எதுவும் சேராமல், கிராமில்.

அடுத்த பள்ளம் கட்டாயக் கட்டம். நிரப்பாமல் சமர்ப்பிக்க முடியாது என்று வைத்தால், தெரியாதவர்கள் 0 போடுவார்கள், 1 போடுவார்கள், சிலர் 999 போடுவார்கள். எடை 1 கிராம் உள்ள பவர் பேங்க் அட்டவணையில் “எடை குறைந்தது முதலில்” என்று வரிசைப்படுத்தும்போது உச்சியில் வந்து நிற்கும். “அளக்கவில்லை” என்று தேர்ந்தெடுக்க ஒரு வழி கொடுத்தால் இது பெரும்பாலும் நின்றுவிடும். வேறு யாரும் கேட்காத வரிசைகளை வைத்து 60 கேள்விப் படிவம் அனுப்புவதும் அதே விளைவைத்தான் தரும். பன்னிரண்டு கேள்விக்குப் பொறுமையாகப் பதில் சொல்பவர் அறுபதுக்கு அள்ளித் தெளிப்பார்.

மறைந்த செலவு துரத்தல். நினைவூட்டல் அனுப்புவது, ஷீட்டில் நெடுவரிசையை நகர்த்தித் திருப்பி அனுப்பியதைச் சரிசெய்வது, பழைய பதிப்பை நிரப்பியவரிடம் மறுபடி கேட்பது. இவற்றுக்கு நான் ஒருபோதும் சரியாக நேரம் ஒதுக்கியதில்லை. மூல வாக்கியம் என்ற ஒன்று இல்லை என்பதையும் கணக்கில் வையுங்கள். கட்டத்துக்குப் பின்னால் இருப்பது விற்பவரின் வார்த்தை மட்டும்தான். அதனால் பத்தியையும் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள்; படிவத்தில் 65, பத்தியில் 45 என்று முரண்பட்டால் அதுதான் உங்களுக்குக் கிடைத்த ஒரே எச்சரிக்கை.

ஏற்ற சூழல்: நீங்கள் கேட்டால் பதில் தர வேண்டிய நிலையில் விற்பவர் இருக்க வேண்டும், பொருள்கள் தொடர்ந்து வந்துகொண்டே இருக்க வேண்டும். நிரப்பினால்தான் பட்டியலில் இடம் என்ற பிடி இல்லாவிட்டால் பாதிப் பேர் நிரப்ப மாட்டார்கள், பாதி நிரம்பிய அட்டவணை நிரப்பியவர்களுக்கே பாதகமாக முடியும்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | கையால் | நிரலால் | படிவத்தால் |
|---|---|---|---|
| தவறு வரும் விதம் | சிதறலாக, களைப்பால் | ஒரே மாதிரி, பல இடத்தில் | விற்பவருக்குச் சாதகமாக |
| கண்டுபிடிக்கும் வழி | இருவர் நிரப்பி ஒப்பிடுதல் | சரிபார்த்த 20 பொருள், அளவுக் காவல் | பத்தியோடு ஒப்பிடுதல், அளவுக் காவல் |
| மூல வாக்கியத்துக்குத் திரும்புதல் | ஒட்டிவைத்தால் உண்டு | தானாகவே சேமிக்கலாம் | இல்லை |
| பத்தி மாறினால் | மறுபடி படிக்க வேண்டும் | மறுபடி ஓட்டினால் போதும் | மறுபடி கேட்க வேண்டும் |
| முதல் 50 | எளிது | வீண் உழைப்பு | மெதுவு |
| அடுத்த 500 | தாங்காது | எளிது | பிடி இருந்தால் எளிது |

எந்த வழியில் போனாலும் காலிக் கட்டம் என்ற பிரச்சினை மட்டும் கூடவே வரும். “இல்லை”, “சொல்லவில்லை”, “பொருந்தாது” ஆகியவை மூன்றும் வேறு. டைப்-ஏ போர்ட் இல்லை என்பது ஒரு தகவல். டைப்-ஏ உண்டா என்று பத்தி பேசவே இல்லை என்பது தகவல் இல்லாமை. டைப்-ஏ போர்ட்டே இல்லாத பொருளுக்கு “டைப்-ஏ வாட்” என்பது பொருந்தாது. மூன்றையும் ஒரு கோடு போட்டு நிரப்பினால், வரிசைப்படுத்தும்போது மென்பொருள் அவற்றை எல்லாம் ஒன்றாக எண்ணி ஒரு மூலைக்குத் தள்ளிவிடும். வாங்குபவர் எல்லாவற்றையும் “இல்லை” என்றே படிப்பார். “சொல்லவில்லை” என்பவை வரிசைப்படுத்தும்போது எந்தப் பக்கமிருந்து அடுக்கினாலும் கடைசியில் நிற்கட்டும்.

திரையில் காட்டுவதைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. ஒரு வரிசைக்கு ஒரே அலகு, அலகைத் தலைப்பில் மட்டும் எழுதி, எண்களை வலப்பக்கம் ஒட்டினால் கண் தானாகவே மேலும் கீழும் பெரியது சிறியதைப் பார்த்துக்கொள்ளும். நான்கு பொருளுக்கு மேல் போனால் பொருளைத் தலைப்பில் வைக்காமல் இடப்பக்கம் வைத்து, வரிசைப்படுத்தும் வசதி கொடுப்பது மேல். எல்லாப் பொருளிலும் ஒரே பதில் வரும் வரிசையை அடியில் தள்ளிவிடுங்கள். மூன்றிலும் டைப்-சி உண்டு என்பது உண்மைதான், ஆனால் தேர்ந்தெடுக்க உதவாது. கட்டத்தைத் தொட்டால் மூல வாக்கியம் தெரிகிற மாதிரி வைத்தால், மேலே சொன்ன திரும்பிப் போகும் வழியை வாங்குபவருக்கே திறந்துவிட்டதாகும்.

## நானாக இருந்தால்

200 பவர் பேங்க் வந்திருக்கிறது, எழுதியவர்கள் ஆறு பேர் என்று வைத்துக்கொள்வோம். முதல் 20ஐ, ஒவ்வொருவரிடமிருந்தும் மூன்று நான்காகப் பொறுக்கி, இரண்டு பேரிடம் கொடுத்துக் கையால் நிரப்ப வைப்பேன். எந்த வரிசையில் முரண்பாடு குவிகிறதோ அதை உடைப்பேன் அல்லது விளக்கத்தை மாற்றி எழுதுவேன். அதன்பிறகுதான் நிரல். கொள்ளளவு, எடை, வாட் என்ற மூன்று எண் வரிசைக்கு மட்டும் எழுதுவேன். போர்ட் எண்ணிக்கை, கேபிள் கூட வருகிறதா போன்றவை படித்தால் பத்து விநாடியில் தெரிபவை. அவற்றுக்கு நிரல் எழுதும் நேரத்தில் கையால் முடித்துவிடலாம். நிரல் காலியாக விட்டவற்றை ஒருவர் படித்து நிரப்புவார், படித்தும் கிடைக்காதவற்றுக்கு “சொல்லவில்லை”.

படிவத்தை எல்லாருக்கும் அனுப்ப மாட்டேன். “சொல்லவில்லை” என்று நின்ற கட்டங்களை விற்பவர் வாரியாகப் பிரித்து, அவரவருக்கு அவரவர் கேள்வியை மட்டும் அனுப்புவேன். ‘அ’வின் விற்பனையாளருக்குப் போகும் கடிதத்தில் மூன்றே கேள்விதான் இருக்கும்: 65 வாட் என்பது ஒரு டைப்-சி போர்ட்டில் தனியாகக் கிடைப்பதா, எல்லா போர்ட்டும் சேர்ந்ததா? செல்லின் மின்னழுத்தம் என்ன? 430 கிராம் கேபிளோடா, இல்லாமலா? மூன்று கேள்விக்குப் பதில் எழுதப் பெரும்பாலும் யாரும் சோம்பல்படுவதில்லை. பதில் வரும்வரை அந்தக் கட்டம் “சொல்லவில்லை” என்றே நிற்கும், பக்கத்தில் 65 என்று இருக்கும் ‘இ’யை வாங்குபவர் அதற்குள் எடுத்துக்கொண்டு போய்விட்டாலும் சரி.